தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறதா? புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையிலிருந்து இணையவழியாக நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் தங்கள் பிள்ளைகளைப் புதிதாகச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு வணக்கம். ரொறன்ரோவிலிருந்தாலும் லண்டனிலிருந்தாலும் சிட்னியிலிருந்தாலும், சேரும் நாளில் பெரும்பாலான பெற்றோர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "ரீச்சர், பிள்ளைக்கு எல்லாம் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீசுதான்." எழுத்துப் பயிற்சியையும் வாசிப்பையும் வகுப்பில் நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் நீங்கள் செய்யவேண்டியது இந்த ஒரு சிக்கலைக் கவனிப்பதே என்பதால், இக்கட்டுரையில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், விளங்கும் பிள்ளை ஏன் பேசுவதில்லை என்பதைப் பார்ப்போம். "போய்க் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வாங்கோ" என்று நீங்கள் சொல்லும்போது, கை, கழுவு, சாப்பிடு என்ற மூன்றும் காதில் விழுந்தாலே போதும். மேசையில் சோறு இருப்பதையும் உங்கள் முகத்தையும் பார்த்து மிகுதியைப் பிள்ளை ஊகித்துக்கொள்ளும். அதே வாக்கியத்தைத் தானே சொல்லவேண்டுமானால், எந்தச் சொல்லோடு எந்த உருபு சேரும், வினை எப்படி முடியும், செய்தவர் யார், எப்போது செய்தார் என்பதையெல்லாம் ஒரு நொடிக்குள் தீர்மானிக்கவேண்டும். கேட்பதற்கு இந்த முடிவுகள் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஆகவே, ஆண்டுக்கணக்கில் தமிழைக் கேட்டு வளர்ந்த பிள்ளையும் வினைமுடிவுகளை வாயால் சொல்லிப் பழகாமலே இருந்துவிட இயலும்.

இதற்கு இரண்டாவது காரணம் நாங்கள்தான். நீங்கள் தமிழில் கேட்கிறீர்கள், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது, நீங்கள் அதைப் புரிந்துகொண்டு மீண்டும் தமிழில் தொடர்கிறீர்கள். உரையாடல் எங்கும் தடைப்படாமல் நன்றாகவே ஓடுகிறது. அப்படி ஓடும்வரை பிள்ளைக்குத் தமிழுக்கு மாறவேண்டிய தேவையே எழுவதில்லை. எனவே திருத்தவேண்டிய இடம் பிள்ளையின் பதிலன்று. அந்தப் பதிலுக்கு அடுத்ததாக உங்கள் வாயிலிருந்து வரும் வாக்கியமே.

நேரத்தைத் தெரிவுசெய்தல்

"இன்றிலிருந்து வீட்டில் தமிழ் மட்டுந்தான்" என்று அறிவிக்கும் வீடுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கணிதப் பாடம், நண்பரின் வருகை, காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று வந்ததும் அந்தச் சட்டம் உடைந்துவிடுகிறது. உடைந்த சட்டத்தைப் பிள்ளை மறுபடி மதிப்பதில்லை. அதற்குப் பதிலாக, நாளுக்கு ஏறத்தாழ இருபது நிமிடமுள்ள ஒரு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே வீட்டில் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையோடு ஒட்டியிருக்கவேண்டும். இரவுச் சாப்பாடு, பாடசாலையிலிருந்து காரில் திரும்பும் வழி, படுக்கைக்குப் போகுமுன் உள்ள நேரம் ஆகியவற்றுள் ஒன்று பொருந்தும். சமையலறையில் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டு பேசுவது இன்னும் நல்லது, ஏனென்றால் கையில் வேலை இருக்கும்போது பிள்ளைக்குத் தான் சோதிக்கப்படுவதாகத் தோன்றாது.

அந்த நேரத்தில் கைத்தொலைபேசி மேசையில் இருக்கக்கூடாது; முக்கியமாக, உங்களுடையது.

கேள்வியை மாற்றுதல்

"இன்றைக்குப் பள்ளிக்கூடம் எப்படி?" என்று கேட்டால் "நல்லம்" என்று வரும். "சாப்பிட்டனீங்களோ?" என்றால் "ஓம்" என்று வரும். இவை பாசமான கேள்விகள், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வினைச்சொல்லைக்கூட இவை பிள்ளையிடமிருந்து வெளியே கொண்டுவருவதில்லை. பதிலாக வாக்கியம் ஒன்று தேவைப்படும் கேள்வியைக் கேளுங்கள். "மத்தியானம் யாருக்குப் பக்கத்திலை இருந்தனீங்கள், அவர் என்ன கொண்டு வந்தவர்?" என்று கேட்டால், பிள்ளை குறைந்தது ஒரு ஆளையும் ஒரு செயலையும் சொல்லியாகவேண்டும். உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியாக அது இருப்பதும் முக்கியம். சிவப்புப் பந்தைக் காட்டி "இது என்ன நிறம்?" என்று கேட்பது மூன்று வயதுக்குச் சரி, எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பரீட்சை.

ஆங்கிலப் பதில் வந்ததும் செய்யவேண்டியது

இதைத்தான் ஆறுதலாக வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எட்டு வயது மகள் சாப்பாட்டு மேசையில், இடைவேளையில் சொக்கர் விளையாடியதாகவும், தன் தோழி விழுந்து முழங்காலில் அடிபட்டதாகவும் ஆங்கிலத்தில் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "தமிழிலை சொல்லுங்கோ" என்று உடனே சொன்னால், அவள் சொல்ல வந்த செய்தி அடிபட்டுப்போய், தான் பிழை செய்துவிட்ட எண்ணமே மிஞ்சும். சில பிள்ளைகள் அத்தோடு "ஒண்டுமில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். எனவே கீழ்க்காணும் ஒழுங்கில், மெல்லியதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒன்றும் சொல்லாமல், ஆர்வமாக முகத்தைப் பார்த்தபடி மூன்று நான்கு நொடி காத்திருங்கள். பெரியவர்களுக்கு அந்த அமைதி மிக நீளமாகத் தெரியும். ஆனால் சொற்களைத் தேடும் பிள்ளைக்கு அது தேவையான நேரம். அதன்பின்னும் தமிழ் வராவிட்டால், தமிழிலேயே ஒரு துணைக்கேள்வி கேளுங்கள்: "ஆர் விழுந்தது?" அதற்கும் ஆங்கிலம் வந்தால், விடைக்குரிய சொற்களையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள்: "ஓடேக்கை விழுந்தவவோ, இல்லாட்டி ஆரும் தள்ளிவிட்டவையோ?" இப்போது பிள்ளை புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, நீங்கள் நீட்டிய இரண்டில் ஒன்றை எடுத்து "ஓடேக்கை விழுந்தவ" என்றால் போதும். அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு வினைமுடிவு வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

அதுவும் வராத நாள்களில் வாக்கியத்தை நீங்கள் தொடங்கிப் பாதியில் நிறுத்துங்கள்: "அவ ஓடேக்கை விழுந்து, முழங்காலிலை..." என்று இழுத்தால், பெரும்பாலும் பிள்ளை "அடிபட்டிட்டுது" என்று முடிக்கும். கடைசிப் படி, முழுச் செய்தியையும் நீங்களே இயல்பாகத் தமிழில் சொல்லிவிட்டு மேலே போவது: "ஐயோ, அவவுக்கு முழங்காலிலை அடிபட்டிட்டுதோ? பிறகு ஆர் மருந்து போட்டது?" இங்கே பிள்ளையைத் திருப்பிச் சொல்லும்படி கேட்கவேண்டாம். அது காதில் விழுந்தால் போதும். நாளைக்கோ அடுத்த கிழமையோ அது திரும்பி வரும்.

ஒரு செய்திக்கு இந்தப் படிகளில் இரண்டுக்கு மேல் ஏறவேண்டாம். இரண்டு முயற்சிக்குப் பின்னும் ஆங்கிலந்தான் என்றால் கடைசிப் படிக்குத் தாவிவிடுங்கள். பிள்ளையின் குரல் தாழ்வதும், பதில்கள் குறுகுவதும், "நெவர் மைண்ட்" என்ற சொல் வருவதும் நீங்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள் என்பதற்கான அடையாளங்கள். அழுகை, பயம், பாடசாலையில் யாரோ கொடுமைப்படுத்திய செய்தி, உடல்வலி ஆகியவற்றை எந்த மொழியில் சொன்னாலும் அந்த மொழியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பயிற்சிக்கு இடமில்லை.

"எனக்கு ஆங்கிலம் விளங்காது" என்று நடிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். மிகச் சிறிய பிள்ளையிடம் அது கொஞ்சநாள் எடுபடலாம். நீங்கள் வேலைத்தலத்து அழைப்பில் ஆங்கிலம் பேசுவதைக் கேட்டிருக்கும் பிள்ளையிடம் அது வெறும் பொய்யாகவே போய்ச் சேரும். உண்மையில் ஆங்கிலம் விளங்காத ஒருவர் குடும்பத்தில் இருந்தால், அவர் திருகோணமலையில் இருக்கும் அம்மம்மாவோ அப்பப்பாவோதான். அந்த உண்மையான தேவையைப் பயன்படுத்துங்கள்: "இதை ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவுக்குச் சொல்லவேணும், எப்பிடிச் சொல்லுவம்?"

பிழைகளை எவ்வளவு திருத்துவது

"சொக்கர் விளையாடினனாங்கள்" என்று பிள்ளை சொன்னால், சொக்கர் என்பதைப் பிடித்துக்கொண்டு உதைபந்தாட்டம் என்று திருத்தாதீர்கள். அது தமிழ் வாக்கியந்தான். வினை தமிழில் முடிந்திருக்கிறது, அதுவும் எங்கள் ஊர் முடிவோடு முடிந்திருக்கிறது. பெயர்ச்சொற்களைப் பிற்பாடு எப்போதும் சேர்த்துக்கொள்ளலாம். வினைமுடிவும் வேற்றுமை உருபும் வாயில் பழகுவதே கடினமான பகுதி.

ஆங்கிலத்தில் வளரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் கேட்கும் பிழை, "நான் மான் பிடிக்கும்", "நான் விளங்கேல்லை" என்பன. ஆங்கிலத்தில் இந்த இடங்களிலெல்லாம் ஆளைக் குறிக்கும் சொல் எழுவாயாக நிற்கிறது. தமிழில் "எனக்கு" என்று வரவேண்டும். பிடிக்கும், விளங்கும், தெரியும், வேணும், பசிக்குது என்ற ஐந்தும் ஒரே குடும்பம். பேச்சை இடைமறித்து இலக்கணம் சொல்லவேண்டாம். "ஓ, உங்களுக்கு மான் பிடிக்குமோ? எனக்கும் மான் பிடிக்கும், தம்பிக்கு முயல் பிடிக்கும்" என்று சரியான வடிவத்தை இரண்டு மூன்று முறை உங்கள் பேச்சுக்குள் வைத்துச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு கிழமைக்கு அதையே கவனித்தால் போதும். அவ்வாறு எடுத்துக்கொள்ளாத பிழைகள் அதுவரை காதில் விழாதவைபோல் போகட்டும்.

வீட்டில் நீங்கள் "வாறன்", "போறம்" என்று பேசுவதைப் பாடப்புத்தகத்தில் இருக்கும் "வருகிறேன்", "போகிறோம்" என்று மாற்றவேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தமிழை வகுப்பில் தனியாகக் கற்பிக்கிறோம். வீட்டிலும் புத்தகத் தமிழில் பேசத் தொடங்கினால் பிள்ளைக்கு இரண்டுமே அந்நியமாகிவிடும். ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதை முதல் விடுமுறையிலேயே கண்டுபிடித்துவிடும்.

திருகோணமலைக்கு அழைப்பு

ஊரில் இருக்கும் அம்மம்மா, அப்பப்பாவின் பாசத்துக்கு அளவில்லை. ஆனால் கிழமைக்கொரு தடவை நடக்கும் காணொளி அழைப்பு பல வீடுகளில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எப்பிடி இருக்கிறீங்கள், நல்லம், சாப்பிட்டாச்சோ, ஓம், வடிவாய்ப் படிக்கிறீங்களோ, ஓம், அம்மாட்டைக் குடுங்கோ. அம்மம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையே பேசுவதற்குப் பொருள் எதுவும் இல்லாமல் போவதே இதற்குக் காரணம். ஆகவே பிள்ளையின் கையில் ஒரு வேலையைக் கொடுத்து அழைப்பில் இருத்துங்கள்: அம்மம்மாவுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டு அறிந்துவந்து, சனிக்கிழமை வகுப்பில் எங்களுக்குச் சொல்லவேண்டும்.

கன்னியா வெந்நீரூற்றை வைத்து இதை எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன். அங்கே ஏழு கிணறுகள் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றின் சூடும் சற்றே வேறுபடும். பிள்ளை கண்டறியவேண்டியது, அம்மம்மா அங்கே போனபோது எந்தக் கிணற்றுத் தண்ணீர் கூடச் சூடாக இருந்தது, எதில் முதலில் குளித்தார், யாரோடு போனார் என்பன. அழைப்புக்கு முன் பத்து நிமிடம் பிள்ளையோடு இருந்து, கிணறு, சூடு, இளஞ்சூடு, வாளி என்ற நான்கு சொற்களையும், "அதை விட இது சூடு" என்ற ஒரு வாக்கிய அமைப்பையும் பழக்குங்கள். வீட்டில் மூன்று கோப்பைகளில் வெவ்வேறு சூட்டில் தண்ணீர் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு, "இந்தத் தண்ணியை விட அந்தத் தண்ணி சூடு" என்று சொல்லவைத்தால், "ஐ விட" என்ற அமைப்பு விளையாட்டாகவே வாயில் ஏறிவிடும். (தொட்டால் சுடாத அளவில் என்பதைச் சொல்லத் தேவையில்லை.) பிறகு அழைப்பில் ஏழு வட்டங்கள் வரைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை நிறம் தீட்டலாம். கூடச் சூடு சிவப்பு, குறைந்த சூடு மஞ்சள். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அந்த ஊற்றுகளை உண்டாக்கினான் என்ற கதையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள். அதையும் கேட்டுவந்தால் வகுப்பில் கதை சொல்லும் பயிற்சிக்கு அதுவே போதும்.

கன்னியாவுக்குப் போகாத அம்மம்மாவிடம் வேறு கேட்கலாம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் கோட்டைக்குள் இன்று எத்தனை மான் நின்றது, சந்தையில் சூடை வாங்கினாவா பாரை வாங்கினாவா, வாடை தொடங்கிவிட்டதா அல்லது இன்னும் கச்சான் காற்றுத்தான் அடிக்கிறதா என்பவையெல்லாம் அங்கிருக்கும் பிள்ளைக்குத் தெரியாதவை. கனடாவில் பனி கொட்டத் தொடங்கும் காலத்தில் எங்கள் கரையில் மழை கொட்டுவதால், மாரி பற்றிய கேள்வி இரண்டு பக்கத்திலும் நன்றாகப் பேசவைக்கும்.

அம்மம்மாவையும் முன்கூட்டியே ஆயத்தப்படுத்தவேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பிள்ளையின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம் என்று தனியாக எடுத்துச் சொல்லுங்கள். ஊரில் அது பாசச் சிரிப்பு. அங்கே அது பிள்ளையின் வாயை மாதக்கணக்கில் அடைத்துவிடும். பிள்ளை தடுமாறியதும், தனக்குத் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொற்களால் உதவ அவர் முயல்வார். அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். காணொளியில் குரல் ஒரு நொடி பிந்தி வருவதால், பிள்ளை பேசவில்லை என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மனதுக்குள் ஐந்துவரை எண்ணும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்காதீர்கள். அடுத்த அறைக்குப் போய்விடுவது மிக நல்லது.

மூத்த பிள்ளையும் இளைய பிள்ளையும்

மூத்தவர் பாடசாலை போகத் தொடங்கியதும் அந்நாட்டு மொழி வீட்டுக்குள் வருகிறது. இளையவர் அதை மூத்தவரிடமே கற்றுக்கொள்வதால், இரண்டாவது பிள்ளையின் தமிழ் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசும் மொழியைத் தடைசெய்ய உங்களால் இயலாது, முயலவும் வேண்டாம். மேசையில் மட்டும் ஒரு விதி போதும்: தம்பியிடம் கேட்ட கேள்விக்கு அக்கா பதில் சொல்லக்கூடாது. அக்காவுக்கு வேறு பொறுப்புக் கொடுங்கள். தாயக்கட்டையோ கரமோ விளையாடும்போது விதிகளைத் தம்பிக்கு விளக்குவது அவளுடைய வேலை என்றால், "முதல் தாயம் போடவேணும், பிறகுதான் காய் இறக்கலாம்" என்று நீண்ட வாக்கியங்கள் அவள் வாயிலிருந்தே வரும்.

வீட்டில் எந்த மொழியிலும் பேச்சு வயதுக்கேற்ப வளரவில்லை என்று தோன்றினால், அது வேறு விடயம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை. ஆகவே தமிழை நிறுத்திவிட்டுக் காத்திராமல், பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள், வீட்டில் இரண்டு மொழிகளும் கேட்பதை அவரிடம் சொல்லுங்கள்.

முன்னேற்றத்தை எங்கே கேட்பது

எத்தனை புதுச் சொற்கள் தெரியும் என்று எண்ணுவது அவ்வளவு பயன்தராது. தமிழில் தொடங்கிய வாக்கியம் தமிழிலேயே முடிகிறதா என்று கேளுங்கள். "நான்... எனக்கு விளங்கேல்லை" என்று பிள்ளை தானாகவே நிறுத்தித் திருத்திக்கொண்டால், அது பிழையில்லாத வாக்கியத்தைவிட நல்ல செய்தி. உங்கள் கேள்விக்கு விடையாக அன்றி, தானே வந்து தமிழில் ஒன்றைச் சொல்லத் தொடங்குவது அதற்கும் அடுத்த கட்டம். இவை நாளாந்தம் கண்ணுக்குத் தெரியாது. பரீட்சைக் காலத்தில் பின்னோக்கிப் போவதும், ஊருக்கு வந்துபோனபின் ஒரே பாய்ச்சலாக முன்னேறுவதும் வழக்கம்.

இதைப் பதிந்துவைக்க ஒரு வழி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் ஒரு நிமிடத்தைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டே வாட்ஸ்அப் குரல்பதிவாக எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒத்திகை பார்த்த பேச்சோ மனப்பாடம் செய்த திருக்குறளோ வேண்டாம். கரண்டிச் சத்தத்தோடு வரும் சாதாரணப் பேச்சே வேண்டும். அதில் பிள்ளை சொல்லும் வினைகளைக் கேட்டு, அடுத்த இரண்டு கிழமைக்கு எந்த ஒரு பிழையைக் கவனிக்கவேண்டும் என்று நான் உங்களுக்கு எழுதுவேன்.

வகுப்பு இலங்கை நேரம் மாலை 6.30 மணிக்குத் தொடங்கும். இங்கே கடிகாரத்தை நாங்கள் மாற்றுவதில்லை என்பதால், கோடையில் ரொறன்ரோவில் காலை 9 மணிக்கும் லண்டனில் பிற்பகல் 2 மணிக்கும் இருக்கும் வகுப்பு, அங்கே குளிர்கால நேரம் தொடங்கியதும் முறையே காலை 8 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் வந்துவிடும். சிட்னியில் இருப்பவர்களுக்கு அது இரவு நேரமாகையால், அவர்களுக்கான வகுப்பைச் சனிக்கிழமை காலையில் தனியாக வைத்திருக்கிறேன். முதல் வகுப்புக்குப் பிள்ளை ஒரு தாளும் நிறப்பென்சில்களும், அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டறிந்த ஒரு செய்தியும் கொண்டுவந்தால் போதும்.